ஒல்லிப் பிள்ளையை அவசரமாகத் தேற்ற வேண்டாம்

டாக்டர், திருமங்கலத்தில் இருந்து எழுதுகிறேன். என் கணவருக்கு 36 வயதில் சர்க்கரை வந்துவிட்டது. மாமனாருக்கும் என் அம்மாவுக்கும் இருக்கிறது. மூத்தவள் வயிற்றில் இருந்தபோது எனக்கும் இருந்தது, பிரசவத்துக்குப் பிறகு போய்விட்டது. அவளுக்கு இப்போது 9 வயது, 132 செ.மீ., 35 கிலோ. கழுத்துக்குப் பின்னால் கறுத்துப் போயிருக்கிறது, எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. பையனுக்கு 4 வயது, 100 செ.மீ., 14 கிலோ. பிறந்தபோது 2.4 கிலோதான். ஒல்லியாக இருக்கிறான் என்று என் மாமியார் நெய்ச்சோறு, சத்துப் பவுடர் கலந்த பால் என்று கொடுத்துத் தேற்றப் பார்க்கிறார். பிள்ளைகளுக்கும் சர்க்கரை கண்டிப்பாக வருமா? இப்போதே என்ன செய்யலாம்? இனிப்பை அடியோடு நிறுத்திவிடவா?

அன்புள்ள சகோதரிக்கு,

கண்டிப்பாக வரும் என்று இல்லை. அப்பா, அம்மா இருவரில் ஒருவருக்கு டைப் 2 சர்க்கரை இருந்தால், பிள்ளைக்கு வாழ்நாளில் அது வரும் வாய்ப்பு நூற்றுக்கு நாற்பது அளவில் இருக்கும். இருவருக்கும் இருந்தால் எழுபது வரை போகும். இது ஒரே ஒரு மரபணுவால் வருவது இல்லை. சின்னச் சின்ன விளைவுள்ள நூற்றுக்கணக்கான மரபணுக்கள் சேர்ந்து உடலை அந்தப் பக்கம் சாய்த்து வைக்கின்றன, அவ்வளவுதான். அதனால் மரபணுப் பரிசோதனைக்கெல்லாம் பணம் செலவழிக்க வேண்டாம். குடும்பத்தில் இருக்கிறது என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியே அதைவிட அதிகம் சொல்கிறது. ஆனால் பிள்ளைகளுக்கு நாம் மரபணுவோடு சேர்த்து இன்னொன்றையும் கொடுக்கிறோம்: சாப்பாட்டு நேரம், தட்டில் விழும் சோற்றின் அளவு, மாலையில் என்ன செய்வது, எத்தனை மணிக்குத் தூங்குவது. இவற்றை மாற்ற முடியும். எந்த வயதில் எதை மாற்றுகிறோம் என்பதுதான் முக்கியம்.

உங்கள் கவலை மகளைப் பற்றி அதிகம் என்று தெரிகிறது. நான் பையனில் இருந்து தொடங்குகிறேன். மகளிடம் இப்போது தெரிவது பெரும்பாலும் இவன் வயதில் தொடங்கும் விஷயம்.

குழந்தையின் எடையை மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது. எடையை உயரத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, எடையை உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் பி.எம்.ஐ. கிடைக்கும். உங்கள் பையனுக்கு அது 14. நாலு வயதுப் பையனுக்கு உலக சுகாதார அமைப்பின் அட்டவணைப்படி நடு அளவு 15.3. இவன் அதற்குக் கொஞ்சம் கீழே, சாதாரண வரம்புக்கு உள்ளேதான் இருக்கிறான். உயரமும் வயதுக்குச் சரியாகவே இருக்கிறது. அவன் ஒல்லிவாகு, அவ்வளவுதான். அதை நோயாக நினைக்க வேண்டாம்.

இன்னொன்றும் உங்கள் மாமியாரிடம் எடுத்துச் சொல்லுங்கள். குழந்தை ஒரு வயதில் கொழுகொழுவென்று இருக்கும். அதன் பிறகு நடந்து, ஓடி, உயரம் கூடி, பி.எம்.ஐ. வருடா வருடம் குறையும். ஐந்து, ஆறு வயதில் அது மிகக் குறைந்த அளவுக்கு வந்து, பிறகுதான் மெல்ல ஏறத் தொடங்கும். எல்லாக் குழந்தைகளுக்கும் இப்படித்தான். ஆகவே மூன்று வயதில் இருந்து ஆறு வயது வரை பிள்ளை 'வற்றிப்போவது' இயல்பான வளர்ச்சி. நம் வீடுகளில் சரியாக அந்த வயதில்தான் பாட்டிமார்கள் பதறிப்போய்த் தேற்றத் தொடங்குகிறார்கள்.

ஏறுவதற்கான அந்தத் திருப்பம் ஐந்து வயதுக்கு முன்பே வந்துவிட்டால்தான் நாம் கவலைப்பட வேண்டும். டெல்லியில் 1969 முதல் 1972 வரை பிறந்த குழந்தைகளைப் பிறப்பில் இருந்தே சில மாதங்களுக்கு ஒரு முறை எடை, உயரம் அளந்து பதிவு செய்து வந்தார்கள். அவர்களில் 1,492 பேருக்கு 26 முதல் 32 வயதுக்குள் சர்க்கரை அளவு பார்த்தார்கள். முடிவு 2004இல் வெளிவந்தது. சர்க்கரை நோயோ அதற்கு முந்தைய நிலையோ வந்தவர்களின் பழைய பதிவுகளைப் பார்த்தால், அவர்கள் இரண்டு வயது வரை ஒல்லியாக இருந்தவர்கள். பிறகு பி.எம்.ஐ. மற்றவர்களைவிடச் சீக்கிரமே ஏறத் தொடங்கி, தொடர்ந்து ஏறிக்கொண்டே போயிருக்கிறது. இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம், பன்னிரண்டு வயதில்கூட அவர்களில் ஒருவரும் உடற்பருமன் என்ற அளவில் இல்லை. பார்ப்பவர்கள் 'இப்போதுதான் பிள்ளை தேறியிருக்கிறான்' என்று சொல்லியிருப்பார்கள்.

ஏன் இப்படி? நம் ஊர்க் குழந்தைகள் எடை குறைவாகப் பிறந்தாலும் உடம்பில் கொழுப்பு அவ்வளவாகக் குறைவதில்லை. குறைவது தசைதான். இதைப் புனேயில் மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் பிறந்த குழந்தைகளை அளந்தே காட்டினார்கள். பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் வரும் சர்க்கரையைப் பெரும்பாலும் வாங்கி வைத்துக்கொள்ளும் குதிர் தசைதான். குதிர் சிறியதாக இருக்கும் பிள்ளைக்குச் சோறும் நெய்யும் சர்க்கரையும் திணித்தால், மிச்சம் வயிற்றைச் சுற்றியும் கல்லீரலிலும் கொழுப்பாகச் சேர்கிறது. அங்கே சேரும் கொழுப்புதான் இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. 2.4 கிலோவில் பிறந்த உங்கள் பையன் விஷயத்தில் இதை நீங்கள் மனதில் வைத்திருக்க வேண்டும்.

அப்படியானால் அவனுக்குச் சாப்பாட்டைக் குறைக்க வேண்டுமா? கூடவே கூடாது. நன்றாகச் சாப்பிட வேண்டும், ஆனால் அது உயரமாகவும் தசையாகவும் மாற வேண்டும். தினம் ஒரு முட்டை, இரண்டு வேளை பருப்போ பயறோ, முருங்கைக்கீரை, வாரத்தில் சில நாள் மீனோ கோழியோ, ஒரு பழம். வேர்க்கடலை கொடுக்கலாம், ஆனால் இந்த வயதில் முழுதாகக் கொடுத்தால் தொண்டையில் சிக்கும். இடித்தோ அரைத்தோ கொடுங்கள். நெய் ஒரு தேக்கரண்டி சோற்றில் விடுவதில் தப்பில்லை. தட்டு முழுக்க நெய்ச்சோறு, தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை என்பதில்தான் தப்பு. பால் நாளைக்கு 400 மில்லிக்கு மேல் போனால் பசி அடங்கிவிடும், இரும்புச்சத்தும் குறையும். 'சாப்பிட மாட்டேன் என்கிறான், பாலாவது குடிக்கட்டும்' என்று கொடுக்கும் பால்தான் பல வீடுகளில் பிள்ளை சாப்பிடாததற்குக் காரணம்.

சத்துப் பவுடர் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 100 கிராமில் சேர்க்கப்பட்ட சர்க்கரை எவ்வளவு என்று அதில் அச்சிட்டிருக்கும். அதைப் படித்துவிட்டு மாமியாரிடமும் காட்டுங்கள். நான் வாதாடுவதைவிட அந்த எண் நன்றாகப் பேசும்.

ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் ஒரு முறை எடையும் உயரமும் எடுத்து ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். இந்த வயதில் வருடத்துக்கு ஏறக்குறைய 2 கிலோவும் 6, 7 சென்டிமீட்டரும் கூடினால் போதும். அடுத்த வருடம் அவன் 106 செ.மீ., 16 கிலோ என்று வந்தால் பி.எம்.ஐ. 14.2. அருமையான வளர்ச்சி. அதே உயரத்தில் 18 கிலோ என்று வந்தால் 16. சொந்தக்காரர்கள் எல்லாரும் பாராட்டுவார்கள். நான் கவலைப்படுவேன். ஒரு வருடத்தில் 14இல் இருந்து 16க்குத் தாவுவதுதான் அந்த டெல்லிப் பதிவுகளில் தெரிந்த மாதிரியான சீக்கிர ஏற்றம். மறுபக்கம், உயரமே கூடவில்லை, எடை இறங்குகிறது, வெளிறிப்போயிருக்கிறான், அடிக்கடி காய்ச்சல் என்றால் அது ஒல்லிவாகு ஆகாது. அப்போது மருத்துவரிடம் காட்டி ரத்தசோகை, பூச்சித் தொல்லை எல்லாம் பார்க்க வேண்டும்.

இனி மகளுக்கு வருவோம்.

கழுத்துக் கருப்பு அழுக்கு இல்லை. தயவுசெய்து தேய்ப்பதை இன்றே நிறுத்துங்கள். கடலை மாவு, எலுமிச்சை, பீர்க்க நார் என்று தேய்த்துத் தேய்த்துத் தோல் புண்ணான பிள்ளைகளைப் பார்க்கிறேன். தேய்க்கத் தேய்க்க இன்னும் கறுக்கும். கடையில் விற்கும் சிவப்பழகு கிரீம்களும் வேண்டாம். சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். விரலால் தொட்டுப் பாருங்கள். தோல் கொஞ்சம் தடித்து, வெல்வெட் துணி மாதிரி இருக்கிறதா? அக்குளிலும் விரல் முட்டிகளிலும் அதே மாதிரி இருக்கிறதா? இருந்தால், அவள் உடம்பில் இன்சுலின் வழக்கத்தைவிட அதிகமாகச் சுரக்கிறது என்று அர்த்தம். தசையும் கல்லீரலும் இன்சுலினின் சொல்லைக் கேட்கவில்லை என்பதால் கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டுகிறது. அந்தக் கூடுதல் இன்சுலின் தோல் செல்களை வளரத் தூண்டி, மடிப்புகளில் தடிப்பாகவும் கருப்பாகவும் தெரிகிறது. இது சர்க்கரை நோய் இல்லை. நோய் வருவதற்குப் பல வருடம் முன்பே கண்ணுக்குத் தெரியும் அறிகுறி. ஒரு வகையில் உங்களுக்கு நேரம் கிடைத்திருக்கிறது.

அவளுடைய பி.எம்.ஐ. 20.1. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015இல் நம் பிள்ளைகளுக்கென்றே வளர்ச்சி வரைபடம் வெளியிட்டது. அதில் 23, 27 என்று இரண்டு கோடுகள் இருக்கும். பெரியவர்களுக்கு 23ஐத் தாண்டினால் அதிக எடை என்கிறோமே, அந்தக் கோட்டை ஒவ்வொரு வயதுக்கும் இறக்கிப் போட்டிருக்கிறார்கள். உங்கள் மகள் 9 வயதில் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கிறாள். வீட்டிலேயே இன்னொரு அளவும் எடுக்கலாம். தையல் டேப்பை எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில் வயிற்றைச் சுற்றி அளந்து பாருங்கள். உயரத்தில் பாதிக்கு உள்ளே இருக்க வேண்டும். அவளுக்குப் பாதி என்றால் 66 செ.மீ. அதைத் தாண்டினால் கொழுப்பு வயிற்றில் சேர்கிறது.

ரத்தப் பரிசோதனையைப் பொதுவாகப் பத்து வயதிலோ, அதற்கு முன் பருவ மாற்றம் தொடங்கினால் அப்போதோ செய்வோம். அதுவும் எடை கூடுதலாக இருந்து, கூடவே குடும்பத்தில் சர்க்கரை, கர்ப்ப காலத்தில் தாய்க்குச் சர்க்கரை, கழுத்துக் கருப்பு போன்றவற்றில் ஒன்றாவது இருந்தால். உங்கள் மகளுக்கு இந்த மூன்றுமே இருக்கின்றன. ஆகவே பத்து வயது ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கும் வரலாம். வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாத சராசரி காட்டும் எச்.பி.ஏ.1சி, கொழுப்பு, கல்லீரலுக்கான எஸ்.ஜி.பி.டி., ரத்த அழுத்தம் இவை போதும். ஹீமோகுளோபினும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் எச்.பி.ஏ.1சி இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். நம் ஊர்ப் பெண் பிள்ளைகளுக்கு ரத்தசோகை சர்வசாதாரணம், அந்த ஒரு எண்ணைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது. இன்சுலின் அளவு பார்க்கும் பரிசோதனை தேவையில்லை. அதைத்தான் கழுத்தே சொல்லிவிட்டதே.

வெறும் வயிற்றில் 100க்குக் கீழே, எச்.பி.ஏ.1சி 5.7க்குக் கீழே இருந்தால் சர்க்கரை சரியாக இருக்கிறது. 100 முதல் 125 வரை, அல்லது 5.7 முதல் 6.4 வரை இருந்தால் முந்தைய நிலை. அப்போதும் பொதுவாக மாத்திரை கிடையாது, வீட்டு மாற்றங்கள்தான், சில மாதத்தில் மறுபடி பார்ப்போம். 126, அல்லது 6.5 என்று தொட்டால் இன்னொரு நாள் திரும்பப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். எண்கள் சரியாக வந்தால் 'ஒன்றும் இல்லை' என்று அதோடு விட்டுவிடாதீர்கள். கணையம் ஈடுகட்டும் வரை ரத்தச் சர்க்கரை சரியாகத்தான் இருக்கும். எடை ஏறிக்கொண்டே போனால் வருடம் ஒரு முறை பாருங்கள். ஏற்றம் நின்றுவிட்டால் மூன்று வருடத்துக்கு ஒரு முறை போதும்.

அவள் எடையைக் குறைக்க வேண்டியதில்லை. இதைக் கேட்டதும் பல பெற்றோர் நம்ப மாட்டார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். அவள் அடுத்த வருடம் ஏறக்குறைய 6 செ.மீ. வளர்வாள்; 138 ஆவாள். எடை இதே 35 கிலோவில் நின்றால் பி.எம்.ஐ. 18.4க்கு இறங்கும். 2 கிலோ கூடி 37 ஆனாலும் 19.4தான், இப்போது இருப்பதைவிடக் குறைவு. வேகம் குறையாமல் ஏறி 41 கிலோ ஆனால் 21.5. ஆகவே நம் வேலை, ஏறும் வேகத்தைக் குறைப்பது மட்டும். உயரம் பாக்கி வேலையைப் பார்த்துக்கொள்ளும். பூப்பெய்திய பிறகு உயரம் கூடுவது சீக்கிரம் நின்றுவிடும் என்பதால் இந்த இரண்டு, மூன்று வருடம் உங்களுக்கு மிகவும் மதிப்புள்ளது.

எங்கே குறைப்பது? மதுரைப் பக்கத்து வீடுகளில் காலை, மதியச் சாப்பாட்டைவிட மாலைதான் பெரிய ஓட்டை. பள்ளி விட்டு நாலரைக்கு வரும் பிள்ளை கடும் பசியில் வருகிறது. பால், பிஸ்கட், கடையில் வாங்கிய பஜ்ஜி அல்லது தேன்குழல், அப்படியே டியூஷன். எட்டு மணிக்கு வீடு, ஒன்பதரைக்கு இட்லியோ பரோட்டாவோ, பத்தரை பதினொன்றுக்குத் தூக்கம். இதில் இரண்டு டம்ளர் பாலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். டம்ளருக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் நாலு தேக்கரண்டி, கிட்டத்தட்ட 16 முதல் 20 கிராம். பிள்ளைகளுக்குச் சேர்க்கும் சர்க்கரை நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் இருக்க வேண்டும். பவுடரில் உள்ளதையும் பிஸ்கட்டையும் சேர்த்தால், இனிப்பு என்று ஒன்றை வாயில் வைப்பதற்கு முன்பே அந்த அளவு தாண்டிவிட்டது.

அந்த நாலரை மணிக்குச் சுண்டல் தயாராக இருந்தால் பாதி வேலை முடிந்தது. காலையிலேயே ஊறப்போட்ட கொண்டைக்கடலையோ பாசிப்பயறோ, ஒரு கிண்ணம், தேங்காய்ப்பூ தூவி. அல்லது அவித்த முட்டையும் ஒரு கொய்யாவும். பால் சர்க்கரை இல்லாமல். ஒரே நாளில் நிறுத்தினால் குடிக்க மாட்டாள். வாரம் அரைத் தேக்கரண்டி குறையுங்கள், ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும். பசி அடங்கியிருந்தால் இரவுச் சாப்பாடும் தானாகக் குறையும். அதை டியூஷனுக்கு முன்னாலோ, எட்டு மணிக்கு வந்த உடனேயோ முடித்துவிடுங்கள். நாலு இட்லி வெறும் சட்னியோடு என்பதை, இரண்டு அல்லது மூன்று இட்லி, கெட்டிச் சாம்பார், ஒரு முட்டை என்று மாற்றுங்கள். மதியம் சோற்றைப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்தில் கூட்டும் பொரியலும் பருப்பும் வையுங்கள். உருளைக்கிழங்கு வறுவலைக் காய்க் கணக்கில் சேர்க்காதீர்கள். கேழ்வரகு, கம்பு எல்லாம் நல்லதுதான், ஆனால் மாவாக அரைத்துக் கூழாகவோ தோசையாகவோ சாப்பிட்டால் அதுவும் மாவுச்சத்துதான். அளவு இல்லாமல் சாப்பிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இதை மகளுக்கு மட்டும் செய்தால் ஒரு வாரம்கூட ஓடாது. உங்கள் கணவருக்கு மருத்துவர் சொல்லியிருக்கும் சாப்பாடும் இதேதான். நாலு பேருக்கும் ஒரே சமையல், ஒரே தட்டு. அப்பாவுக்குத் தனிச் சமையல், பிள்ளைக்குத் தனி விதி என்று பிரித்தால் அவள் அதைத் தண்டனையாகத்தான் எடுத்துக்கொள்வாள். 'குண்டு' என்ற சொல் வீட்டில் யார் வாயிலும் வரக் கூடாது, செல்லத்துக்குக்கூட. எல்லார் முன்னாலும் எடை பார்க்காதீர்கள். ஒன்பது, பத்து வயதில் உடம்பைப் பற்றிக் கேலி கேட்ட பெண் பிள்ளைகள் பதின்மூன்று வயதில் சாப்பாட்டை ஒளித்துச் சாப்பிடுகிறார்கள், அல்லது பட்டினி கிடக்கிறார்கள். இரண்டிலும் எடை அப்புறம் கூடத்தான் செய்கிறது.

இதனால்தான் இனிப்பை அடியோடு நிறுத்துங்கள் என்று நான் சொல்வதில்லை. சித்திரைத் திருவிழாவுக்கு வந்து விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜிகர்தண்டா குடிப்பதால் யாருக்கும் சர்க்கரை நோய் வராது. தீபாவளிக்கு அதிரசம் சாப்பிடட்டும். நாம் நிறுத்த வேண்டியது தினசரி சர்க்கரையை: பாலில், பிஸ்கட்டில், பாட்டில் பானத்தில், ஜூஸில். கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் என்று மாற்றிப் போட்டு ஏமாற வேண்டாம். உடம்புக்குள் போனால் அவையும் சர்க்கரைதான். பழத்தை ஜூஸாக்காமல் கடித்துச் சாப்பிட்டால் போதும்.

உங்கள் வீட்டில் இரண்டு வயதுக்குள் குழந்தை யாரும் இல்லை. ஆனால் உங்கள் தங்கைக்கோ நாத்தனாருக்கோ இருக்கலாம், அவர்களுக்காக ஒன்று. பிரிட்டனில் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தொடங்கிய சர்க்கரை ரேஷன் 1953 செப்டம்பரில் முடிந்தது. உடனே மக்கள் சாப்பிடும் சர்க்கரை ஏறக்குறைய இரண்டு மடங்கானது. கருவில் இருந்தபோதும் பிறந்த முதல் இரண்டு வருடத்திலும் ரேஷனில் வளர்ந்தவர்களையும், அது முடிந்த பிறகு கருவானவர்களையும் ஒப்பிட்டு 2024இல் ஓர் ஆய்வு வந்தது. ரேஷனில் வளர்ந்தவர்களுக்கு நடுத்தர வயதில் டைப் 2 சர்க்கரை வரும் ஆபத்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. வந்தவர்களுக்கும் சராசரியாக நாலு வருடம் தள்ளி வந்தது. குடும்பத்தில் சர்க்கரை இருக்கும் வீடுகளில், இரண்டு வயது வரை குழந்தையின் பாலிலும் கஞ்சியிலும் சர்க்கரை சேர்க்காமல் இருப்பதுதான் காசு செலவில்லாத தடுப்பு.

அப்புறம் ஓட்டம். தசை என்று மேலே சொன்ன அந்தக் குதிர் பெரிதாக வேறு வழி இல்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் தினம் ஒரு மணி நேரம் மூச்சு வாங்க ஓடி ஆட வேண்டும். ஒரே மூச்சில் இல்லாமல் பிரித்தும் ஆடலாம். வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கு வேலை கொடுக்கும் ஆட்டமாக இருக்கட்டும்: ஸ்கிப்பிங், கபடி, கோ-கோ, சைக்கிள். நம் பக்கத்தில் சிலம்பம் கற்றுக்கொடுக்கும் ஆசான்களுக்குக் குறைவில்லை, பெண் பிள்ளைகளும் நிறையப் பேர் போகிறார்கள். காலுக்கும் தோளுக்கும் அது மாதிரி வேலை கொடுப்பது குறைவு. வாரத்தில் ஐந்து நாள் டியூஷன் என்றால் இரண்டு நாளை அதில் இருந்து எடுத்து இதற்குக் கொடுங்கள். நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் குடும்பமாகத் தெருவில் கால் மணி நேரம் நடந்தால் உங்கள் கணவரின் சர்க்கரைக்கும் அது நல்லது. தூக்கம் மகளுக்கு ஒன்பது மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, பையனுக்குப் பத்துக்குக் குறையக் கூடாது. தூக்கம் குறைந்தால் மறுநாள் பசியும் கூடும், இன்சுலினின் பிடியும் தளரும். படுக்கும் அறையில் போன் வேண்டாம்.

கருப்பு எப்போது மறையும் என்று கேட்பீர்கள். பி.எம்.ஐ. இறங்கத் தொடங்கிப் பல மாதங்கள் கழித்துத்தான் தோல் மெலிந்து நிறம் தெளியும். மெல்ல வெளுக்கிறது என்றால் வழி சரி. ஆறு மாதம் ஆகியும் கருப்பு பரவுகிறது, வயிற்றுச் சுற்றளவு கூடுகிறது என்றால் மருத்துவரிடம் மறுபடி போங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்கவே கூடாது. இரண்டு பிள்ளைகளில் யாருக்காவது திடீரென்று தாகம் அடங்காமல் இருந்தால், அடிக்கடி சிறுநீர் போனால், படுக்கையில் நனைப்பதை நிறுத்திய பிள்ளை மறுபடி நனைத்தால், சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தால், நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு இளைத்தால், அன்றைக்கே விரலில் குத்திச் சர்க்கரை பார்த்துவிடுங்கள். வாந்தியோ மேல்மூச்சோ சேர்ந்தால் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிதான். அது பெரும்பாலும் டைப் 1 என்ற வேறு வகை. குடும்பத்தில் இருக்க வேண்டும் என்று அவசியமே இல்லை, ஒல்லிப் பிள்ளைக்கும் வரும், உடனே இன்சுலின் போட வேண்டும்.

கடைசியாக உங்களைப் பற்றி. கர்ப்ப காலத்தில் வந்த சர்க்கரை பிரசவத்தோடு போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி வந்த பெண்களுக்கு, வராதவர்களைவிட டைப் 2 வரும் ஆபத்து ஏழு மடங்குக்கும் மேல். உங்களுக்கும் வந்தால் பிள்ளைகளின் கணக்கு நாற்பதில் இருந்து எழுபதை நோக்கி நகரும். மகளுக்கு ரத்தம் எடுக்கும் அதே நாள் நீங்களும் சாப்பிடாமல் வாருங்கள். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். 140க்குக் கீழே இருக்க வேண்டும். இருந்தாலும் அதிகபட்சம் மூன்று வருடத்துக்குள் திரும்பப் பாருங்கள். இன்னொரு குழந்தைக்கு யோசனை இருந்தால், கருத்தரிப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.